‘சுகர் கேர்’ என்று பேர் வைத்து நான் பட்ட பாடு

இதை எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிறுதானியத்தில் ஏதாவது செய்து விற்கலாம் என்று கிளம்பும் பலரும் மாவு பக்குவத்துக்கும் பாக்கெட் டிசைனுக்கும் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, பேரை மட்டும் ஒரு சாயங்காலத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த ஒரு சாயங்காலம் எனக்கு 1,08,800 ரூபாய் நஷ்டத்தைத் தந்தது. அதைவிட, ஒரு பெரியவரின் உடம்பு கெட நானும் ஒரு காரணம் ஆனேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் ஊர் தருமபுரி பக்கம். வீட்டில் கேழ்வரகும் சாமையும் எப்போதும் உண்டு. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. அந்த வருடம் தை மாதம் மூன்று பொருளோடு தொடங்கினேன்: முளைகட்டிய கேழ்வரகு மால்ட், சாமை தோசை மிக்ஸ், கம்பு குக்கீ. ஓசூர், பெங்களூரு பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளும் சேலத்துக் கல்லூரி விடுதிகளும்தான் என் குறி. டிசைன் செய்து கொடுத்த பையன், "அக்கா, பொருள் பேரைச் சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க, பயனைச் சொல்லுங்க" என்றான். சரியாகத்தான் பட்டது. மால்ட்டுக்கு ‘சுகர் கேர்’, தோசை மிக்ஸுக்கு ‘ஸ்லிம் சாமை’, குக்கீக்கு ‘இம்யூன் பைட்’ என்று வைத்தோம். மூன்றுக்கும் மேலே பொதுவாக ‘உணவே மருந்து’ என்று ஒரு வரி. நாம் தினமும் சொல்கிற வார்த்தைதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஆடி மாதம் பவுச் அச்சடித்தேன். எழுத்தும் படமும் செதுக்கிய உலோக உருளையை, அதாவது சிலிண்டரை, வைத்து அச்சடிக்கும் லேமினேட் பவுச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் வேண்டும். ஒன்றுக்கு 5 வண்ணம் என்று மூன்றுக்கும் சேர்த்து 15 சிலிண்டர். ஒன்று 3,200 வீதம் 48,000 ரூபாய். மூன்று வகைப் பவுச்சும் வகைக்கு 5,000, ஆக 15,000. ஒரு பவுச் 4 ரூபாய் 80 காசு, மொத்தம் 72,000. பேரில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றால்கூடச் சிலிண்டரைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதல் ஆறு மாதம் வெற்றுப் பவுச் வாங்கி, 500 ஸ்டிக்கர் மட்டும் அடித்து ஒட்டுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணம் தப்பியிருக்கும். இப்போது கேட்கிற எல்லோருக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

விற்பனை ஓரளவு நடந்தது. ஆனால் வாங்கியவர்கள் நான் நினைத்த பிள்ளைகள் இல்லை. ஓசூரில் ஒரு சந்தையில் மேஜை போட்டிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண் மால்ட் பாக்கெட்டைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "இது எங்க தாத்தாவுக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால்தான் அவள் சொன்னது முழுதாகப் புரிந்தது. நோயின் பெயரோ, நோயை நினைவூட்டும் சொல்லோ பாக்கெட்டின் மேல் இருந்தால், உடம்பில் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு அது மருந்துச் சாப்பாடு. காசு கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும்? பொய்யான வாக்குறுதி தராத பேரும் இளையவர்களை இழுக்கிற பேரும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே திசையில்தான் இருந்தன.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு போன் வந்தது. எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மால்ட்டைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். பேசியது அவர் மகள். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "அக்கா, அப்பா மூணு மாசமா காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் உங்க மால்ட்தான் குடிக்கிறார். சுகர் கேர்னு போட்டிருக்கேன்னு மாத்திரையைப் பாதியா குறைச்சுட்டார், எங்ககிட்ட சொல்லவே இல்லை. வெறும் வயித்துல 130 இருந்தது இப்ப 212. பேரை நம்பித்தானே குடிச்சார்?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் என் பாக்கெட்டுகள் நான்கு வரிசையாக நின்றன. பக்கத்திலேயே மாத்திரை டப்பா.

நடந்ததை யோசித்துப் பார்த்தால் காரணம் என் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. கேழ்வரகு நல்ல தானியம், அதில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. ஆனால் முளைகட்டும்போது தானியத்தின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைகிறது. மால்ட் தானாகவே லேசாக இனிப்பது அதனால்தான். அப்புறம் அதை வறுத்து, மை போல அரைத்து, தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடித்தால், மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். போதாததற்கு நான் அதில் 30 சதவீதம் நாட்டுச் சர்க்கரை சேர்த்திருந்தேன். ஒரு டம்ளருக்கு 30 கிராம் மாவு என்றால் 9 கிராம் சர்க்கரை, இரண்டு டம்ளருக்கு 18. அவர் மாத்திரையையும் பாதியாகக் குறைத்திருந்தார். பின்பக்கம் பொருட்பட்டியலில் நாட்டுச் சர்க்கரை என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம் அத்தனை பெரிதாக ஒரு பேர் இருக்கும்போது பின்பக்கத்தைப் படிப்பவர் யார்? கேழ்வரகு நல்லது என்பது தானியத்தைப் பற்றிய பேச்சு. அதை வைத்து நான் செய்த பொருளுக்கும் அந்தப் பேச்சு தானாகப் பொருந்தாது என்பதை அந்த அலமாரியின் முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் என் யூனிட்டைப் பார்க்க வந்தார். சுத்தம், தண்ணீர், எடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பவுச்சைக் கையில் எடுத்தார். "இதை மருந்துக் கடையில விக்கறீங்களா, மளிகைக் கடையிலயா?" என்று கேட்டார். பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். உணவு விளம்பரத்துக்கும் அதில் சொல்லும் தகவலுக்கும் 2018-இல் தனியாக விதிமுறைகள் வந்திருக்கின்றன. ஒரு நோயைத் தடுக்கும், குறைக்கும், குணமாக்கும் என்று சாதாரண உணவின் மேல் சொல்லக் கூடாது. பாக்கெட்டின் மேல் உள்ள பேரும் அந்தச் சொல்லில் சேர்த்திதான். வாக்கியமாக எழுதினால் மட்டும்தான் குற்றம் என்று இல்லை. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து என்பது போல விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பேரே அதுதானம்மா, எதை மறைப்பீங்க?" என்றார். என்மேல் வழக்குப் போடாமல், இந்தப் பவுச்சில் இனி எதுவும் வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். அப்போது 11,000 பவுச் மீதம் இருந்தது. 52,800 ரூபாய்ப் பவுச்சும் 48,000 ரூபாய்ச் சிலிண்டரும் அதோடு போயின. அடுத்த ஏப்ரலில், ‘ஹெல்த் டிரிங்க்’ என்று சட்டத்தில் ஒரு வகையே இல்லை, அந்தத் தலைப்பின் கீழ் மால்ட் போன்றவற்றை விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசிடமிருந்து அறிவுறுத்தல் போனது. அதைப் படித்தபோது, மாற்றுப் பேராக நான் குறித்து வைத்திருந்த ‘டெய்லி ஹெல்த் டிரிங்க்’ என்பதையும் அடித்தேன்.

அவசரத்தில் அடுத்த தவறு செய்தேன். நோய், உடம்பு என்று எதையும் தொடாத பேர் வேண்டும் என்று ‘சிறுதானி’ என்று வைத்தேன். சிறுதானியத்தின் சுருக்கம், சொல்லவும் நன்றாக இருக்கிறது என்று ஒரே சந்தோஷம். அந்தப் பேரை எனக்கே உரியதாகப் பதிவு செய்ய வணிகக் குறிக்கு, அதாவது டிரேட்மார்க்குக்கு, விண்ணப்பித்தேன். அந்தப் பதிவில் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மாவு, பிஸ்கட், தானியப் பண்டங்கள் எல்லாம் 30-வது வகுப்பில் வரும். சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் கட்டணம் 4,500, முகவருக்கு 3,500. ஐந்து மாதம் கழித்து ஆட்சேபம் வந்தது. பொருளின் வகையையே சொல்லும் சொல்லை ஒருவர் மட்டும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்பது ஒன்று. அதே போலக் கேட்கும் குறிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது இன்னொன்று. நியாயம்தான். தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்ற சொற்களெல்லாம் விதைக்கிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோருக்கும் பொது. கட்டிய கட்டணம் திரும்பாது. பணம் கட்டும் முன் அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் 30-வது வகுப்பில் அந்தப் பேரையும், அதே ஒலியில் வரும் பேர்களையும் தேடிப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். தேடல் இலவசம். ஆக, பேர் உடம்பைப் பற்றிப் பேசினால் அது பொய் வாக்குறுதி, தானியத்தை மட்டும் சொன்னால் அது யாருடைய பேரும் இல்லை. நடுவில் ஒரு இடம் தேட வேண்டியிருந்தது.

இந்த முறை வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கும் என் அக்கா மகளைப் பிடித்தேன். வெள்ளை அட்டையில் ஒரு பேர் மட்டும் எழுதி, படமோ வண்ணமோ இல்லாமல், அவளும் அவள் தோழிகளுமாக 24 பேரிடம் காட்டினோம். "பிடிச்சிருக்கா?" என்று கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் நமக்காக எல்லாம் பிடித்திருக்கிறது என்பார்கள். கேட்டது இரண்டே கேள்வி: "இந்தப் பேர்ல ஒரு பாக்கெட் இருந்தா உள்ள என்ன இருக்கும்? அதைத் தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். பதிலில் சுகர், எடை, எதிர்ப்புச் சக்தி, முடி, தோல் என்று எது வந்தாலும் அந்தப் பேர் நமக்குத் தெரியாமலே ஒரு வாக்குறுதி கொடுக்கிறது என்று அர்த்தம்.

பேர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ‘பாட்டி வீட்டுப் பாரம்பரியம்’ என்றதற்கு, எண்ணெய் இல்லாதது, மைதா இல்லாதது என்றார்கள். என் குக்கீயில் வெண்ணெய் இருந்தது. பாட்டி வீட்டில் குக்கீ ஏது? பாரம்பரியம் என்ற சொல்லுக்கும் விதி இருக்கிறது: குறைந்தது 30 வருடமாகத் தலைமுறை தாண்டி, பெரிதாக மாறாமல் வரும் செய்முறையாக இருக்க வேண்டும். இயற்கை, தூய, அசல் போன்ற சொற்களை வணிகப் பேரில் வைத்து அது வாங்குபவரைத் திசை திருப்பும்படி இருந்தால், இது வெறும் பேர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்று பாக்கெட்டிலேயே 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும். நம் பேரை நாமே மறுத்து எழுதுவதைவிட வேறு பேர் தேடுவது மேல். ‘ஃபைபர்பைட்’ என்பதற்கு ஆய்வகச் சோதனை கைகொடுக்கவில்லை. நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்ல 100 கிராமில் 6 கிராம் வேண்டும், நார்ச்சத்து உள்ளது என்று சொல்ல 3 கிராம் போதும். என் குக்கீயில் 4.1 தான் வந்தது. பின்பக்கம் எழுதலாம், பேராக வைத்துக் கொண்டாடும் அளவுக்கு இல்லை.

எனக்கு மிகவும் வலித்தது ‘லைட்டா’ என்ற பேரை விட்டபோதுதான். "பசிக்குதா?" "லைட்டா" என்று பிள்ளைகள் பேசுகிற அதே சொல். அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார்கள். வெற்றி என்றே நினைத்தேன். ஆனால் இரண்டாவது கேள்விக்கு 24 பேரில் 9 பேர், "வெயிட் போடாது", "கொழுப்பு கம்மி" என்றார்கள். வெண்ணெயும் கருப்பட்டியும் போட்ட குக்கீ அது, 100 கிராமில் கிட்டத்தட்ட 470 கலோரி. ஆசையாக இருந்தாலும் அந்த அட்டையைக் கிழித்தேன். தலைமையாசிரியர் வீட்டு அலமாரி கண்முன் இருந்ததால்தான் கிழிக்க முடிந்தது. விளையாட்டாக, பேச்சு வழக்கில் வைத்தேன் என்று நாம் சொல்லலாம். படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறாரோ அதற்குத்தான் நாம் பொறுப்பு.

நின்ற பேர் ‘நாலரை’. அக்கா மகள்தான் சொன்னாள். "நாலரைக்கு கிளாஸ் முடியும் சித்தி, அப்பதான் எல்லாருக்கும் பசிக்கும்" என்றாள். அட்டையைக் காட்டியபோது உள்ளே முறுக்கு, பிஸ்கட், டீக்குக் கடிக்க ஏதோ இருக்கும் என்றார்கள். தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்றதற்கு ஒருத்தி, "பசி அடங்கும், வேற என்ன?" என்றாள். எனக்கு வேண்டிய பதில் அதுதான். அது உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தானியத்தின் பேரும் இல்லை. உணவுக்கும் அந்த நேரத்துக்கும் உள்ள பழக்கத்தை மட்டும் தொட்டது. அப்புறம் போனில் பத்துப் பேரை அழைத்து, பேரைச் சொல்லித் தேடலில் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஆறு பேர் Naalarai என்றும் நான்கு பேர் Nalarai என்றும் அடித்தார்கள். இரண்டு எழுத்துக் கூட்டலிலும் சமூக வலைதளக் கணக்கை எடுத்து வைத்தேன்.

நாலரை என்று வைத்த பிறகு காலை மால்ட்டும் தோசை மிக்ஸும் அதற்குள் பொருந்தவில்லை. கொஞ்ச நாள் மனசில்லாமல் இழுத்தேன். கடைசியில் அந்த வரிசையில் தின்பண்டம் மட்டும் என்று முடிவு செய்தேன்: கம்பு முறுக்கு, கேழ்வரகு குக்கீ, சாமை மிளகுத் தட்டை. வணிகப் பேருக்குக் கீழே உணவின் உண்மையான பேர் அதே முன்பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தானியத்தின் பேரை முன்னால் சொன்னால் அது எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். இதில்தான் என் பழைய குக்கீயின் குட்டு வெளிப்பட்டது. கம்பு குக்கீ என்று விற்றதில் கம்பு 28 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கோதுமை. சிறுதானியத்தில் கோதுமை போலப் பசைத்தன்மை இல்லாததால் குக்கீ உதிரும், அதனால் கோதுமையைக் கூட்டியிருந்தேன். இப்போது கேழ்வரகுக்கு மாறி, மாவைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எட்டு ஒன்பது முறை சுட்டுப் பார்த்து 42 சதவீதம் வரை கொண்டுவந்தேன். அதற்கு மேல் போனால் பாக்கெட்டுக்குள் தூளாகிவிடுகிறது. முன்பக்கத்தில் ‘கேழ்வரகு 42%, கோதுமையும் உண்டு’ என்று போட்டிருக்கிறேன். விற்பனை குறையும் என்று பயந்தேன். ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் அந்த எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கருப்பட்டி சேர்த்துவிட்டுச் ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று சொல்லவும் கூடாது. கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் அந்தக் கணக்கில் சர்க்கரைதான். ஆகவே ‘கருப்பட்டி சுக்கு’ என்று சுவையாக மட்டும் சொல்கிறேன்.

2024 நவம்பரில் ‘நாலரை’க்கு விண்ணப்பித்தேன், இந்த முறை தேடிப் பார்த்த பிறகு. பதிவாகும் வரை பேருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ என்று மட்டும் போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான்; முன்கூட்டிப் போடக் கூடாது. விண்ணப்பம் வணிகக் குறி இதழில் வெளியானபின் நான்கு மாதம் யாராவது எதிர்ப்புச் சொல்லலாம் என்பதால் பொறுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

மால்ட்டை விடவில்லை. வெள்ளை ஸ்டிக்கரில் ‘முளைகட்டிய கேழ்வரகு மாவு’ என்று மட்டும் போட்டு, நாட்டுச் சர்க்கரை சேர்க்காமல், பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறேன். தலைமையாசிரியர் மாத்திரையைப் பழையபடி எடுத்து, மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டுச் சரியாகிவிட்டார். அவர் மகள் போன வாரம் வந்தாள். விடுதியில் இருக்கும் தன் பையனுக்கு நான்கு பாக்கெட் நாலரை வாங்கிக்கொண்டாள். மால்ட்டைக் கையில் எடுத்து ஸ்டிக்கரை முழுக்கப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு வேண்டாம் அக்கா" என்று திரும்ப வைத்தாள். நானும் வற்புறுத்தவில்லை.